கொடுத்த பணத்தை நண்பனிடம் கேட்கும் மெசேஜ்: உறுத்தாமல், ஆனால் புரியும்படி

நண்பர்களுக்குக் கொடுத்த பணத்தை ஞாபகப்படுத்துவதற்காக எழுதப்படுகிற மெசேஜ்கள் பலவற்றில் பணம் என்ற சொல்லே இருப்பதில்லை. நலம் விசாரிப்பு இருக்கும், வேலை எப்படிப் போகிறது என்ற கேள்வி இருக்கும், இந்த மாதம் செலவு அதிகம் என்ற பெருமூச்சு இருக்கும். அனுப்பியவருக்கு மட்டும்தான் அது பணம் கேட்கிற மெசேஜ் என்று தெரியும். வாங்கியவருக்கு அது வெறும் நலம் விசாரிப்பு. இப்படிப்பட்ட மெசேஜ்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன், எனக்குத் தெரிந்தவர்கள் அனுப்புவதற்கு முன்னால் "இது ஓகேவா பாரேன்" என்று என்னிடம் காட்டுவதால். அதோடு ஒரே ஆளிடம் இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேட்டதைப் பக்கத்திலிருந்து பார்க்கவும் வாய்ப்புக் கிடைத்தது, அந்த இரண்டு பேரில் ஒருவன் நான். அந்த ஒரு விஷயத்தை வைத்தே எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி நண்பன் ஒருவன் வீடு மாறினான். புது வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும், பழைய வீட்டு முன்பணம் திரும்பி வரத் தாமதமாகும், நடுவில் இருக்கும் பள்ளத்தை அடைக்க ஜனவரியில் என்னிடம் 40,000 வாங்கினான். இன்னொரு நண்பனிடமும் கொஞ்சம் வாங்கினான். இருவரிடமும் மார்ச் கடைசிக்குள் தந்துவிடுகிறேன் என்றான். மார்ச் போனது, ஏப்ரலும் போனது. அவன் ஏமாற்றுகிற ஆள் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் இங்கே பேசுவதெல்லாம் தர வேண்டும் என்று நினைக்கிற, ஆனால் தள்ளிக்கொண்டே போகிற நண்பனைப் பற்றித்தான். தருவதில்லை என்று முடிவெடுத்துவிட்டவனிடம் எந்த வாசகமும் வேலை செய்யாது, அது வேறு கதை.

அந்த இன்னொரு நண்பன் மென்மையான சுபாவம் உள்ளவன். பணம் பற்றி நேராகக் கேட்டால் நட்பு போய்விடும் என்று உறுதியாக நம்புகிறவன். அவன் அனுப்பியது இது: "எப்படி இருக்க மச்சி? புது வீடு செட் ஆயிடுச்சா? எனக்கு இந்த மாசம் செலவு தலைக்கு மேல போகுதுடா." பதில் வந்தது: "சூப்பரா இருக்கு மச்சி, ஒரு நாள் வாடா. செலவு எல்லாருக்கும் அதே கதைதான்." இதைப் படித்துவிட்டு அவனுக்கு வந்த கோபம் இருக்கிறதே, "தெரிஞ்சும் தெரியாத மாதிரி நடிக்கிறான் பாரு" என்று எனக்கு போன் செய்து புலம்பினான். பத்து நாள் கழித்து மறுபடியும் அதே மாதிரி இன்னொன்று, கூடக் கொஞ்சம் அழுத்தமாக: "பணக்கஷ்டம் வந்தாதான் யாரு எப்படின்னு தெரியுது." அதற்கு ஒரு கட்டைவிரல் பொம்மை மட்டும் பதிலாக வந்தது.

பணமெல்லாம் திரும்பி வந்து ரொம்ப நாள் கழித்து, கடன் வாங்கியவனே இதைப் பற்றி என்னிடம் மனம் விட்டுப் பேசினான். முதல் மெசேஜைப் படித்தபோது அவனுக்குப் பணம் ஞாபகத்துக்கே வரவில்லையாம், நண்பன் புலம்புகிறான், ஆறுதல் சொல்வோம் என்றுதான் எழுதியிருக்கிறான். இரண்டாவது மெசேஜில் சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் அன்றைக்குக் கையில் பணம் இல்லை. அவன் கேட்கவில்லையே, நாமாக ஏன் எடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டான். கூடவே அந்த "யாரு எப்படின்னு தெரியுது" என்பது முள்ளாகக் குத்தியதால் அவனோடு பேசுவதையே கொஞ்சம் குறைத்துக்கொண்டான். ஆக, உறவு கெட்டுப்போகக் கூடாது என்று எழுதிய மெசேஜால் உறவும் கெட்டது, பணமும் வரவில்லை.

மனிதர்கள் எப்படி மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் 1978இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. ஜாடையாகக் கேட்பதை அவர்கள் தனி வகையாக வைக்கிறார்கள். அதன் இயல்பே, சொன்னவர் "நான் அதைச் சொல்லவில்லையே" என்று பின்வாங்க முடியும் என்பதுதான். கடன் விஷயத்தில் இதற்கு இன்னொரு முனை உண்டு. சொன்னவர் பின்வாங்க முடிகிற மாதிரியே, கேட்டவரும் "எனக்குப் புரியவில்லையே" என்று விலகிக்கொள்ள முடியும். கையில் பணம் இல்லாத நாளில் யாராக இருந்தாலும் அந்தக் கதவு வழியாகத்தான் போவார்கள். இதில் நடிப்பு, துரோகம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. கதவைத் திறந்து வைத்தது மெசேஜ்தான்.

அதனால் யாராவது என்னிடம் மெசேஜைக் காட்டினால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். இதற்குப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசாமல், இயல்பாகப் பதில் எழுத முடியுமா? முடியும் என்றால் அது ஞாபகப்படுத்தல் ஆகாது. எவ்வளவு அன்பாக இருந்தாலும், எவ்வளவு கோபமாக இருந்தாலும் ஆகாது.

சரி, நான் அனுப்பியது இதுதான். மே மாதம், காலை பத்தரை மணி வாக்கில்:

"டேய், ஜனவரில வீட்டு அட்வான்ஸுக்காக நீ வாங்கின 40,000 பத்தி கேக்கத்தான் மெசேஜ் பண்றேன். மார்ச் கடைசில தர்றதா பேசியிருந்தோம். எந்தத் தேதிக்கு அனுப்ப முடியும்னு பாத்துட்டு சொல்லு. மொத்தமா கஷ்டம்னா ரெண்டு தவணையாவும் அனுப்பலாம், எனக்கு ஓகே."

அவ்வளவுதான். இதில் கடுமையான சொல் ஒன்று கூடக் கிடையாது, ஆனால் என்ன கேட்கிறேன் என்பதில் ஒரு துளி குழப்பமும் கிடையாது. ஒவ்வொரு வரியும் ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

முதல் வரியிலேயே எதற்காக எழுதுகிறேன் என்று வந்துவிடுகிறது. எப்படி இருக்க, சாப்டியா, வீட்டில் எல்லாரும் நலமா என்று தொடங்கினால் என்ன ஆகிறது என்றால், அடுத்து பணப் பேச்சு வந்ததும் முன்னால் கேட்ட நலம் விசாரிப்பு எல்லாம் பொய்யாகிவிடுகிறது. "ஓ, இதுக்குத்தான் அவ்ளோ அக்கறையா" என்று தோன்றும். நாலைந்து தடவை இப்படி நடந்தால் அப்புறம் நீங்கள் உண்மையாகவே நலம் விசாரித்தாலும் அவனுக்கு வயிற்றைக் கலக்கும். நலம் விசாரிப்பதை வேறு ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குப் பணத்தைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள்.

தொகையும், எதற்கு வாங்கினான் என்பதும், எந்த மாதம் என்பதும் சேர்ந்தே வர வேண்டும். "அந்தப் பணம்" என்று எழுதுவது மரியாதை போலத் தோன்றும், ஆனால் அது இரண்டு பக்கமும் வேறு வேறு கணக்காக ஓடிக்கொண்டிருக்கலாம். நண்பர்களுக்கு நடுவில் கொடுக்கல் வாங்கல் ஒரே ஒரு முறை நடப்பதில்லை. ஒருவன் டிக்கெட் போட்டிருப்பான், இன்னொருவன் சாப்பாட்டுக்குக் கொடுத்திருப்பான், கடன் வாங்கியவன் மனதில் "அதுல பாதி கழிஞ்சிருச்சு" என்று ஒரு கணக்கு இருக்கக்கூடும். தொகையை எழுதினால்தான் அவன் "இல்லடா, அதுல 5,000 அன்னிக்கே தந்தேனே" என்று சொல்ல முடியும். அது உண்மையாகவும் இருக்கலாம். அதனால் மெசேஜ் எழுதுவதற்கு முன்னால் வங்கிக் கணக்கை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை அவன் பெயரில் ஏதாவது வந்திருக்கிறதா என்று. இதைப் பார்த்துவிட்டால் இன்னொரு நன்மையும் உண்டு, "ஒருவேளை ஏற்கெனவே அனுப்பிட்டியான்னு தெரியல" என்று எழுத வேண்டிய அவசியம் இருக்காது. அந்த வரியைப் பலர் மரியாதைக்காகச் சேர்க்கிறார்கள். அனுப்பவில்லை என்று இருவருக்கும் தெரியும்போது அது வெறும் பாவனை, படிக்கிறவனுக்குக் கிண்டலாகவே படும்.

அடுத்தது "பேசியிருந்தோம்". இங்கே நிறையப் பேர் "நீ மார்ச்ல தர்றேன்னு சொன்னியே" என்று எழுதுவார்கள். செய்தி அதேதான், ஆனால் படிக்கிறவன் காதில் அது குற்றச்சாட்டாக விழுகிறது, அவன் உடனே தன் பக்க நியாயத்தைத் தேட ஆரம்பிக்கிறான், பழைய வீட்டுக்காரர் இழுத்தடித்தது, சம்பளம் தள்ளிப்போனது என்று பதில் பூராவும் விளக்கமாக வரும், தேதி வராது. "பேசியிருந்தோம்" என்றால் அது இருவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு, அதை மாற்றுவதாக இருந்தாலும் இருவரும் சேர்ந்து மாற்றலாம். அவன் விளக்கம் தர வேண்டிய இடமே அங்கே இல்லை.

பிறகு கேள்வி. "தர முடியுமா?" என்று கேட்காமல் "எந்தத் தேதிக்கு?" என்று கேட்டிருக்கிறேன். முடியுமா என்று கேட்டால் "இப்ப கொஞ்சம் கஷ்டம்டா" என்பது முழுமையான பதில் ஆகிவிடும், அங்கேயே பேச்சு முடிந்துவிடும், மறுபடி கேட்க நீங்கள் புதிதாகத் தைரியம் சேர்க்க வேண்டும். தேதி கேட்டால், கையில் எதுவுமே இல்லாதவன் கூடப் பதில் சொல்ல முடியும். "பாத்துட்டு சொல்லு" என்பது முக்கியம், அவன் அந்த நிமிடமே பதில் சொல்ல வேண்டியதில்லை, சம்பளம், வாடகை, மற்ற கடன் எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு வரட்டும். அவசரத்தில் வாங்கிய தேதி நிற்காது.

இரண்டு தவணை என்கிற வரி எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கடைசியில். நம்மில் பலர் முதல் வரியிலேயே "முடிஞ்சா", "அவசரமில்ல", "உனக்குத் தோது இருந்தா" என்று போட்டுவிடுகிறோம். நம் வாயில் அவை தானாக வருகின்றன, கேட்பதன் கூச்சத்தை மறைக்க வருகின்றன. ஆனால் "அவசரமில்ல" என்று நீங்களே எழுதிவிட்டால் அவன் அதை நம்பத்தான் செய்வான், ஏன் நம்பக் கூடாது? அவனுக்கு அந்த மாதம் தர வேண்டியவர்கள் மூன்று பேர் இருந்தால் அவசரமில்லாதவன் கடைசிக்குத்தான் போவான். சலுகை தர வேண்டும் என்றால் எப்படித் தருவது என்பதில் தாருங்கள், தருவதா வேண்டாமா என்பதில் தராதீர்கள். தவணையாகத் தரலாம், இந்த மாதம் பாதி போதும், தேதியை நீயே சொல், இவையெல்லாம் நிஜமான தளர்வு. "முடிஞ்சா" என்பது கேட்டதையே திரும்ப எடுத்துக்கொள்வது.

என் மெசேஜில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். "தப்பா நினைக்காத" இல்லை. "கேக்கவே கூச்சமா இருக்கு" இல்லை. நம் பணத்தை நாம் கேட்பதில் மன்னிப்புக்கு இடமே இல்லை, மன்னிப்புக் கேட்டால் ஏதோ தப்பாக நடக்கிறது என்று நாமே அவனுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகும். எனக்கு ஏன் பணம் தேவை என்கிற காரணமும் இல்லை. இதில் பலருக்கு உடன்பாடு இருக்காது, காரணம் சொன்னால் அவனுக்கு இலகுவாகப் புரியும் என்பார்கள். எனக்குப் பிடிக்காததற்குக் காரணம், நாம் ஒரு தேவையைச் சொன்னவுடன் இரண்டு தேவைகள் தராசில் ஏறிவிடுகின்றன. உனக்கு வண்டி ரிப்பேர், எனக்குக் குழந்தைக்குப் பள்ளிக் கட்டணம், எது பெரியது? அந்தப் போட்டியே வேண்டாம். உண்மையிலேயே ஒரு கெடு இருந்தால், 20ஆம் தேதிக்குள் எங்கேயோ கட்டியாக வேண்டும் என்றால், அந்தத் தேதியைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். இல்லாத கெடுவை மட்டும் உருவாக்கக் கூடாது, நண்பர்கள் வட்டத்தில் அது எப்படியும் வெளியே வந்துவிடும்.

சிரிக்கிற பொம்மையும் இல்லை. நகைச்சுவையாகக் கேட்டால் நகைச்சுவையாகப் பதில் வரும். "வட்டி ஏறிக்கிட்டே இருக்குடா" என்றால் "கிட்னிய வித்துத் தர்றேன்" என்பான், இருவரும் சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான். நாளைக்கு நீங்கள் நேராகக் கேட்டால் "அன்னிக்கு ஜோக்குனு நினைச்சேன்" என்பான், அவன் சொல்வதும் நியாயம்தான்.

எங்கே கேட்பது, எப்போது கேட்பது என்பதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தனி மெசேஜில் மட்டும் கேளுங்கள், குரூப்பில் பெயர் சொல்லாமல் பொதுவாக ஒன்று போடுவது கூட வேண்டாம், மற்றவர்கள் யாரென்று ஊகித்துவிடுவார்கள், அந்த அவமானத்தை அவன் மறக்க மாட்டான். பிறந்தநாள் வாழ்த்தோடு, விசேஷ நாளோடு சேர்க்காதீர்கள். இரவு பதினொரு மணிக்கு அனுப்பினால் அவன் தூக்கம் கெடும், ஆனால் அந்த நேரத்தில் அவனால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்காது. சம்பளம் வந்த ஒன்றிரண்டு நாளுக்குள், பகலில், அதுதான் நல்ல நேரம், ஏனென்றால் அப்போது தேதி சொல்ல அவனிடம் ஏதாவது இருக்கும். முதல் முறை போனைவிட எழுத்துதான் நல்லது என்பது என் கருத்து. போனில் கேட்டால் அவன் அந்த நொடியே ஏதாவது சொல்லியாக வேண்டும், சங்கடத்தில் "நாளைக்கே போட்டுடறேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவான், அது நடக்காது, அப்புறம் உங்கள் போனை எடுக்கவே பயப்படுவான்.

எனக்கு வந்த பதில் சாயந்தரம் வந்தது. "சாரிடா, மறக்கல. பழைய வீட்டு அட்வான்ஸ் இன்னும் முழுசா வரல. அடுத்த மாசம் பாக்கறேன்."

இங்கேதான் பெரும்பாலானோர் "சரிடா, பரவால்ல" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். கஷ்டப்பட்டு நேராகக் கேட்டுவிட்டு, கடைசியில் கிடைத்தது "பாக்கறேன்" மட்டும். அடுத்த மாதம் எந்த நாளில் மறுபடி கேட்பது, 1ஆம் தேதியா, 30ஆம் தேதியா? எந்த நாளில் கேட்டாலும் சீக்கிரம் கேட்டது போலவே இருக்கும். அதனால் அவன் சொன்னதை எடுத்து, அதற்கு ஒரு தேதி மட்டும் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன்: "சரிடா, புரியுது. அப்போ ஜூன் 5க்கு 20,000, ஜூலை 5க்கு மீதி 20,000ன்னு வச்சுக்கலாமா? இல்ல வேற தேதி சரியா வரும்னா சொல்லு." கொஞ்ச நேரத்தில் "ஜூன் 7 வச்சுக்கடா, சம்பளம் 6ந்தேதிதான் வரும். ஜூலையும் அதே 7" என்று வந்தது. இந்த ஒரு பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி தந்தது தெரியுமா, அவன் தன் சம்பளத் தேதியைப் பார்த்து, தானாகத் திருத்தியிருக்கிறான். சும்மா தலையாட்டுகிறவன் தேதியைத் திருத்த மாட்டான்.

ஜூன் 7 வரைக்கும் பணத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் இரண்டு முறை பேசினோம், வேறு விஷயங்கள். முந்தின நாள் "நாளைக்கு ஞாபகம் இருக்கா" என்று கேட்பதும் தேவையில்லை என்பேன், ஒருவன் தேதி சொன்ன பிறகு அந்தத் தேதி முடிகிற வரைக்கும் அது அவனுடையது. அவன் அன்றைக்கே 20,000 அனுப்பினான். உடனே எழுதினேன்: "20,000 வந்துடுச்சுடா, தேங்க்ஸ். மீதி 20,000, ஜூலை 7." பாதிப் பணம் வரும்போது மீதியையும் அதே மெசேஜில் எழுதிவிட வேண்டும், நன்றி மட்டும் சொல்லிவிட்டு விட்டால் மீதி மங்கலாகிவிடும், அடுத்த மாதம் அதை மறுபடி முதலிலிருந்து கிளப்ப வேண்டியிருக்கும். நன்றி சொல்கிற சூட்டிலேயே சொன்னால் அது உறுத்தாது.

ஜூலை 7 வந்தது, பணம் வரவில்லை. மறுநாள் மதியம் வரைக்கும் காத்திருந்துவிட்டு எழுதினேன்: "டேய், மீதி 20,000 நேத்து 7ந்தேதின்னு வச்சிருந்தோம். இன்னிக்கு அனுப்ப முடியுமா, இல்ல தேதி மாத்தணுமா?" இரண்டாவது மெசேஜில் சூடு ஏற வேண்டிய அவசியம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். முதல் மெசேஜ் தெளிவாக இருந்தால் இரண்டாவது அதைவிடச் சின்னதாக இருக்கும், ஏனென்றால் விளக்க ஒன்றுமில்லை, தேதியும் தொகையும் ஏற்கெனவே அவன் ஒத்துக்கொண்டவை. அதே நேரம் பத்து நாள் பொறுத்துவிட்டுக் கேட்பதும் நல்லதில்லை, தேதிக்கு மதிப்பில்லை என்று நாமே காட்டின மாதிரி ஆகிவிடும், அந்தப் பத்து நாளும் மனதுக்குள் சேர்ந்த கோபம் வேறு மெசேஜில் ஒழுகும். அவன் அன்று இரவே அனுப்பிவிட்டான், ஆபீஸ் வேலையில் தவறிவிட்டது என்றான். "மொத்தமும் வந்துடுச்சுடா, கணக்கு முடிஞ்சுது" என்று பதில் போட்டேன். முடிந்தது என்று சொல்வதும் கேட்டதைப் போலவே தெளிவாக இருக்க வேண்டும், கடனாளியாக இருந்தவன் மனதில் பாரம் இறங்குவது அந்த வரியில்தான்.

அந்த இன்னொரு நண்பன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அவனும் நானும் உட்கார்ந்து ஒரு மெசேஜ் எழுதினோம். அவனுக்கு "டேய்" என்று ஆரம்பிக்க வரவில்லை, கடைசியில் அவன் பாணியிலேயே "மச்சி, ஒரு விஷயம் நேரா கேக்கறேன்" என்று தொடங்கினான், தொகை, எதற்கு, தேதி என்ன என்று மூன்றும் இருந்தது, எனக்கும் அதில் மாற்ற ஒன்றும் தோன்றவில்லை. கடன் வாங்கியவன் சொன்னதில் எனக்கு மறக்காதது இதுதான்: அந்த மெசேஜைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு வகையில் ஆறுதலாக இருந்ததாம். அதுவரைக்கும் அனுப்பியவன் மனசுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் ஒவ்வொரு வார்த்தையையும் சந்தேகமாகவே படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

எல்லாமே இவ்வளவு சுமுகமாகப் போவதில்லை. மெசேஜைப் படித்துவிட்டுப் பதிலே போடாதவர்கள் உண்டு. அப்படி இருந்தால் மூன்று நான்கு நாள் விட்டு, புதிதாக எதுவும் எழுதாமல், பழைய மெசேஜையே மேற்கோள் காட்டி "இதைப் பாத்தியாடா?" என்று மட்டும் கேட்பேன். அதற்கும் பதில் இல்லையென்றால் அப்புறம்தான் போன், அதுவும் "மெசேஜ் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு. அவன் வீட்டாரிடமோ நண்பர்களிடமோ சொல்லி அனுப்புவது இந்தக் கட்டத்தில் வேண்டாம். அது ஞாபகப்படுத்தல் இல்லை, பஞ்சாயத்து.

உண்மையிலேயே தர முடியாத நிலையில் இருக்கிறவனும் உண்டு, வேலை போயிருக்கும், வீட்டில் நோய் இருக்கும். தேதி கேட்டதற்கு அவன் அதைச் சொன்னால், அப்போது முடிவு நம் கையில் வருகிறது. தள்ளி வைப்பதாக இருந்தால் எப்போது மறுபடி பேசுவோம் என்பதைச் சொல்லியே தள்ளி வையுங்கள்: "சரிடா, இப்ப இதை யோசிக்காத. அக்டோபர்ல நானே கேக்கறேன்." விட்டுவிடுவதாக இருந்தால் அதையும் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். மனதுக்குள் விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே சொல்லாமல் இருந்தால் அவன் ஆயுசுக்கும் உங்களைப் பார்த்தால் ஒதுங்குவான், நீங்களோ பெருந்தன்மையாக விட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

வயதில் மூத்த நண்பரிடம், அண்ணா என்று கூப்பிடுகிறவரிடம் இதை எப்படி எழுதுவது என்று ஒருவர் கேட்டார். மாறுவது விளியும் வினைமுற்றும் மட்டும்தான். "அண்ணா, ஆகஸ்ட்ல பையன் அட்மிஷனுக்காக உங்களுக்கு அனுப்பின 15,000 பத்திதான் கேக்கறேன். தீபாவளிக்குள்ளன்னு பேசியிருந்தோம். எந்தத் தேதி தோதுப்படும்னு சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரி வச்சுக்கறேன்." மரியாதை முழுவதும் "உங்களுக்கு"விலும் "சொன்னீங்கன்னா"விலும் இருக்கிறது, அதற்காகத் தொகையையோ தேதியையோ விழுங்க வேண்டியதில்லை. மூத்தவர்களிடம் மூன்றாம் ஆள் வழியாகக் கேட்பதுதான் மரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள், என் அனுபவத்தில் அவர்களை அதிகம் புண்படுத்துவது அதுதான், "என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே" என்பார்கள்.

வீடு மாறிய அந்த நண்பன் போன மாதம் மறுபடி என்னிடம் 10,000 கேட்டான். அனுப்பிவிட்டு, "எந்தத் தேதிடா?" என்று கேட்டேன். "அடுத்த மாசம் 7" என்று எழுதினான். அதற்குக் கீழே நான் "10,000, அடுத்த மாசம் 7, சரி" என்று போட்டு வைத்திருக்கிறேன். ஒருவேளை அன்றைக்கு வராவிட்டால், 8ஆம் தேதி அந்த வரியை மேற்கோள் காட்டி "இன்னிக்கா, வேற தேதியா?" என்று கேட்டால் போதும்.